சனி, ஞாயிறு இரண்டு நாள், எட்டுப் பேர், 25,600 ரூபாய்: கல்லூரிக் குறும்படத்துக்கான கணக்கு

முதல் குறும்படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கேமராவில் ஆரம்பிக்கிறார்கள். எந்த மாடல், எந்த லென்ஸ் என்று ஒரு வாரம் பேசிவிட்டு, இருக்கிற பணத்தில் முக்கால்வாசியை வாடகைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் காசில்லை. ஞாயிறு ராத்திரி எடிட்டில் போட்டால் வசனம் கேட்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை கேமராவைக் கடைசியில் தொடும். பணம் எங்கே போகிறது, எந்த வேலையை யார் பார்ப்பது என்பதை மட்டும் ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

உதாரணம் இது. கோவையில் படிக்கிற எட்டு மாணவர்கள். எட்டுப் பக்க ஸ்கிரிப்ட், படம் சுமார் 10 நிமிடம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், முழுக்கதையும் நடக்கிறது. நடிப்பவர்கள் இரண்டே பேர்: ஒரு பாட்டி, ஒரு பேரன். கீழே வரும் விலைகள் கணக்குப் போடுவதற்காக வைத்தவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிகளை விட்டுவிடாதீர்கள்.

1. தேதியைக் காலண்டர் பார்த்துக் குறியுங்கள்

கேமரா வாடகைக் கடைக்கு முக்கியமான வாடிக்கையாளர் நீங்கள் இல்லை, கல்யாண வீடியோ எடுப்பவர்கள். வளர்பிறை முகூர்த்த ஞாயிறு என்றால் நல்ல கேமரா, லைட், ட்ரைபாட் எல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்பே புக் ஆகியிருக்கும். மிச்சம் இருப்பதை முழு வாடகைக்குத் தருவார்கள், பேரம் எடுபடாது. தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறாகப் பார்த்துப் போனால் அதே கடையில் அதே கேமரா குறைந்த விலைக்குக் கிடைக்கும். சில கடைகளில் சனி, ஞாயிறு சேர்த்து ஒன்றரை நாள் வாடகைக்கே ஒத்துக்கொள்வார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்படியென்றால் ஆடியும் மார்கழியும்தானே வசதி என்று தோன்றும். கல்யாணம் இருக்காது, உண்மைதான். ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தோப்பில் ஓயாமல் அடிக்கும். தென்னை ஓலைச் சத்தத்தில் பாட்டி பேசுவது காதில் விழாது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் வேறு. மார்கழியில் விடியலுக்கு முன்பே ஊர்க்கோயிலில் பாட்டுப் போட்டுவிடுவார்கள், காலை எட்டு மணி வரை பனியில் லென்ஸ் வியர்க்கும். வசனம் குறைவான கதை என்றால் மார்கழி நல்ல மாதம், அந்தப் பனி வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. வசனம் நிறைய இருந்தால் தை, மாசியில் முகூர்த்தம் இல்லாத தேய்பிறை ஞாயிறு ஒன்றைப் பிடியுங்கள்.

தேதி குறித்ததும் இன்னொன்றையும் விசாரியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சனிக்கிழமையும் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவது உண்டு. அந்த ஊரின் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வாரம் முன்பு கேட்டாலே சொல்லிவிடுவார்கள். செய்தித்தாளில் வரும் அறிவிப்பை நம்பிக் காத்திருந்தால் உங்களுக்கு ஒரு நாள்தான் அவகாசம் இருக்கும்.

2. ஒரு நாளில் எத்தனை ஷாட் என்று எண்ணுங்கள்

பட்ஜெட் தாளை எடுப்பதற்கு முன்பு, காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிய ஷாட் டிவிஷனை எடுங்கள். இரண்டு நாளில் முடியாத படத்துக்கு மூன்றாம் நாள் வாடகை கட்ட வேண்டிவரும், அது எந்தப் பட்ஜெட்டிலும் இருப்பதில்லை.

காலை 7 முதல் மாலை 5 வரை 10 மணி நேரம், அதாவது 600 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு 60, இரண்டு டீக்கு 40, ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு லைட்டும் கேமராவும் மாற்ற 60. மிச்சம் 440 நிமிடம். கேமராவை ஓரிடத்தில் வைத்து, லைட் சரிபார்த்து, ஒரு ரிகர்சல், நாலு டேக் எடுக்கப் புது ஆட்களுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆக ஒரு நாளைக்கு 14 அல்லது 15 ஷாட், இரண்டு நாளில் அதிகபட்சம் 30. உங்கள் டிவிஷனில் 55 ஷாட் இருந்தால் வெட்ட வேண்டிய இடம் எடிட் ரூம் இல்லை, ஹாஸ்டல் அறை.

வெட்டுவதற்கு ஒரு வழி. பாட்டியும் பேரனும் திண்ணையில் பேசும் காட்சிக்கு ஒன்பது ஷாட் எழுதியிருப்பீர்கள். இருவரும் தெரியும் ஒரு ஷாட், பாட்டி மேல் ஒன்று, பேரன் மேல் ஒன்று, பாட்டியின் கை மேல் ஒன்று. நாலே போதும். ஒவ்வொன்றையும் காட்சியின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை எடுங்கள். எடிட்டில் ஒன்பதாக வெட்டிக்கொள்ளலாம்.

3. எட்டுப் பேர், எட்டு வேலை

எட்டுப் பேரில் ஆறு பேர் டைரக்‌ஷன் டீம் என்று சொல்லிக்கொண்டு மானிட்டர் பின்னால் நிற்பதுதான் கல்லூரிப் படங்களின் பொதுவான வியாதி. வேலையைப் பிரித்து, பெயர் போட்டு, குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இயக்குநர், ஒளிப்பதிவாளர் இருவரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இயக்குநர் நடிக்க வேண்டாம், பணப்பையும் அவர் கையில் வேண்டாம். ஷாட் நடுவில் தண்ணி கேன்காரருக்கு ஜி-பே பண்ணுகிற இயக்குநர் அந்த டேக்கைப் பார்த்திருக்க மாட்டார்.

உதவி இயக்குநர்தான் கடிகாரம். கையில் ஷாட் லிஸ்ட், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் எழுதுவார். கிளாப் அடிப்பதும், எந்த டேக் ஓகே என்று குறிப்பதும் இவரே. காலை 11 மணிக்கு ஐந்து ஷாட் முடிந்திருக்க வேண்டும், மூன்றுதான் ஆகியிருக்கிறது என்றால் "அண்ணா, அடுத்த காட்சியில் ரெண்டு ஷாட்டைத் தூக்குங்க" என்று இயக்குநரிடம் சொல்லும் தைரியம் வேண்டும். சீனியர் இயக்குநருக்குப் பயந்த ஜூனியரை இங்கே போட்டால் ஞாயிறு மாலை கடைசிக் காட்சி எடுக்கப்படாமல் நிற்கும்.

கேமரா உதவியாளர் ஃபோகஸ், லென்ஸ் மாற்றுவது, பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு நாலையும் பார்ப்பார். இவரே படத்தின் எடிட்டராக இருந்தால் மிக நல்லது. கார்டைத் தொலைத்தால் யாருக்கு வலிக்குமோ அவர் கையில்தான் கார்டு இருக்க வேண்டும்.

சவுண்டுக்கு ஒருவர், முழு நேரம். மைக் மாட்டிய பூம் கம்பைப் பிடித்து, தோளில் ரெக்கார்டரை மாட்டி, காதில் ஹெட்ஃபோனோடு இருப்பார். சும்மா இருக்கிறவர் யாராவது பூம் பிடிக்கட்டும் என்று விட்டால் சனிக்கிழமை மட்டும் மூன்று பேர் கை மாறும், மூன்று விதமான சத்தம் வரும். சவுண்ட் ஆள் "ஒன் மோர்" கேட்டால் எடுக்க வேண்டும். இந்த அதிகாரத்தை முதல் நாளே எல்லோர் முன்னாலும் கொடுத்துவிடுங்கள்.

லைட்மேன் ஒருவர். லைட், ஸ்டாண்ட், தெர்மகோல், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் இவர் பொறுப்பு. ஆர்ட், உடை, கண்டினியூட்டி சேர்த்து ஒருவர்: ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் நடிகரையும் பின்னால் இருக்கும் பொருட்களையும் போனில் படம் எடுப்பார். பாட்டி எந்தக் கையில் டம்ளர் பிடித்திருந்தார், அதில் காப்பி எவ்வளவு இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எட்டாவது ஆள் புரொடக்‌ஷன் மேனேஜர். வண்டி, சாப்பாடு, தண்ணீர், கடிதங்கள், பணம் எல்லாம் இவரிடம். குழுவில் அதிகம் கணக்குப் பார்க்கிற, கூச்சமில்லாமல் பேசுகிற ஆளை இங்கே போடுங்கள். ஷூட்டிங் நாளில் இவர் செட்டில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆள் குறைந்தால் எதை எதோடு சேர்க்கலாம்? லைட்டையும் கேமரா உதவியையும் சேர்க்கலாம், கொஞ்சம் மெதுவாகும். ஆர்ட்டையும் உதவி இயக்குநரையும் சேர்க்கலாம். சவுண்டையும் புரொடக்‌ஷனையும் எதோடும் சேர்க்காதீர்கள்.

4. பட்ஜெட் தாள்

இரண்டு நாள் வாடகையாகக் கணக்கு:

- கேமரா, ஒரு ஜூம் லென்ஸ் (நாளுக்கு 1,800): 3,600
- 50 எம்.எம். லென்ஸ் (400): 800
- ட்ரைபாட் (250): 500
- பூம் மைக், ரெக்கார்டர், கம்பு, காற்றுத் தடுப்பு உறை (900): 1,800
- எல்.இ.டி. லைட் ஒன்று (900): 1,800
- ஸ்டாண்ட், ரிஃப்ளெக்டர் (200): 400
- தெர்மகோல், டேப், பென்சில் பேட்டரி, கறுப்புத் துணி: 600
- வண்டி, வெள்ளி மாலை போக, ஞாயிறு இரவு வர (1,800): 3,600
- மற்றவர்களுக்குப் பஸ்: 800
- சாப்பாடு, டீ, தண்ணீர்: 5,500
- சாளைக்கு, மின்சாரமும் சுத்தம் செய்வதும்: 1,000
- உடை, பொருட்கள்: 1,000
- பாட்டியாக நடிப்பவருக்குப் பேட்டா: 1,500
- பிரின்ட், ஜெராக்ஸ்: 300

கூட்டினால் 23,200. இதில் சுமார் பத்தில் ஒரு பங்கு, 2,400 தனியாக. மொத்தம் 25,600. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 3,200. பணத்தை ஷூட்டிங்குக்குப் பத்து நாள் முன்பே புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கொடுத்துவிட வேண்டும். "வந்து தர்றேன்டா" என்பவரின் பங்கை ஞாயிறு இரவு யாரோ ஒருவர் கடன் வாங்கித்தான் கட்டுவார்.

அந்த 2,400 தனி உறையில் இருக்கட்டும். லைட் ஸ்டாண்ட் உடைந்தால், யாருக்காவது காய்ச்சல் வந்தால், வண்டி இன்னொரு முறை போக நேர்ந்தால் மட்டும் திறக்க வேண்டும். லென்ஸ் இன்னொன்று எடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஒளிப்பதிவாளர் சொல்வார். அதற்கு அல்ல.

சாப்பாட்டு வரி எப்படி வந்தது என்று பார்க்கலாம், ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். எட்டுப் பேர் குழு, நடிகர் இருவர், சாளைக்காரர் வீட்டில் இருவர், ஆக 12 பேர். வீட்டுக்காரரை விட்டுவிட்டு அவர் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிட முடியாது. காலைச் சாப்பாடு 50, மதியம் 90, வடையோடு இரண்டு டீ 40, ராத்திரி 50. சனிக்கிழமை ஆளுக்கு 230. ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு வீட்டுக்குப் போய்தான், அதனால் 180. 12 பேருக்கு 4,920. தண்ணீர் கேன், இலை, டம்ளர் சேர்த்து 5,500.

சனி ராத்திரி 50 ரூபாயில் எப்படி முடியும்? அரிசியும் பருப்பும் சாதம். ஒன்றேகால் கிலோ அரிசி, 400 கிராம் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, மேலே நெய். பக்கத்தில் தயிரும் அப்பளமும். 12 பேருக்குப் போதும், குழம்பு, பொரியல் என்று எதுவும் வேண்டாம். ஒரே பாத்திரம் என்பதால் கழுவுகிற வேலையும் குறைவு. டீயை மட்டும் பெரிய பிளாஸ்க்கில் செட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் இருபது நிமிட டீ முக்கால் மணி நேரம் ஆகும், அதில் ஒரு ஷாட் போச்சு.

பணம் குறைந்தால் எதை வெட்டுவது? 50 எம்.எம். லென்ஸ் முதலில். அடுத்து எல்.இ.டி. லைட்டும் ஸ்டாண்டும்: ராத்திரிக் காட்சியைப் பகலாக மாற்றி எழுதினால் 2,200 மிச்சம். தெரிந்தவர் கேமரா கிடைத்தால் இன்னும் 3,600 மிச்சம். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு காகிதத்தில் "உடைந்தால் யார் செலவு" என்று எழுதிக்கொள்ளுங்கள், நட்பும் மிஞ்சும். சவுண்ட் 1,800-ஐயும் சாப்பாட்டையும் தொடாதீர்கள். போனில் எடுத்த படத்தைக்கூடப் பார்ப்பார்கள். சத்தம் புரியாத படத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை.

5. காகிதங்கள், பத்து நாள் முன்பே

முதலாவது, துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம். எட்டுப் பேர் பெயர், பதிவெண், தேதி, இடம், கொண்டுபோகும் கருவிகள் எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். இதே கடிதத்தின் நகல்தான் ஹாஸ்டல் அவுட்பாஸுக்கு, வாடகைக் கடைக்கு, வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு. பெண்கள் ஹாஸ்டலில் இரவு தங்க அனுமதி வேண்டுமென்றால் பெற்றோர் கடிதமும் கேட்பார்கள். வியாழக்கிழமை போய் நின்றால் கிடைக்காது.

இரண்டாவது, சாளைக்காரரிடம் ஒரு பக்கக் கடிதம். தேதி, நேரம், எந்தெந்த அறை, எவ்வளவு பணம், உடைந்தால் என்ன என்று தமிழில் நாலு வரி. கையெழுத்து வாங்குவதற்கு முன்பு நேரில் போய்ப் பேசுங்கள். "ஏனுங்க ஐயா, சனி, ஞாயிறு மோட்டார் எப்பங்க போடுவீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தோப்புக்குத் தண்ணீர் விடுவதை உங்கள் படத்துக்காக அவர் இரண்டு நாள் நிறுத்த மாட்டார், நிறுத்தச் சொல்லவும் கூடாது. "காத்தால ஆறுக்குப் போட்டா ஒம்பதுக்கு நிறுத்திருவனுங்க" என்று சொன்னால் அந்த மூன்று மணி நேரத்தில் வசனமில்லாத ஷாட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நடிகர்களின் ஒப்புதல் கடிதம். பேரன் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து, படப்பிடிப்பில் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். வேறொருவரின் சிறுகதையை எடுக்கிறீர்கள் என்றால் எழுதியவரின் எழுத்து மூலமான அனுமதியும் வேண்டும். சினிமாப் பாட்டை ரேடியோவில் ஓடுவதாகக்கூடப் பின்னணியில் வைக்காதீர்கள், விழாவுக்கு அனுப்பும்போது அந்த ஒரு பாட்டால் படம் தள்ளுபடியாகலாம்.

ஆழியாறு அணை, டாப்ஸ்லிப், ரயில்வே ஸ்டேஷன் என்று ஸ்கிரிப்டில் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். அணைக்கு நீர்வளத் துறை, ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை, ஸ்டேஷனுக்கு ரயில்வே என்று ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனிக் கட்டணம். பத்து நாளில் நடக்கிற காரியம் இல்லை. தோப்புக்குள் ஓடும் வாய்க்கால் போதும்.

6. வெள்ளி மாலை, வாடகைக் கடையில்

மேனேஜரும் கேமரா உதவியாளரும் சேர்ந்து போங்கள். ஆதார், கல்லூரி அடையாள அட்டை, முன்பணம் கேட்பார்கள். நகல் கொடுத்தால் அதன் மேல் குறுக்காகக் கோடு போட்டு, எந்த வேலைக்கு, எந்தத் தேதிக்கு என்று எழுதிக் கொடுங்கள். திருப்பித் தரும் நேரத்தைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். "திங்கள் காலை" என்பது கடைக்காரருக்கு ஒன்பது மணி, உங்களுக்குப் பதினொன்று. நடுவில் இருப்பது இன்னொரு நாள் வாடகை.

கடையை விட்டு இறங்குமுன் அரை மணி நேரம் செலவிடுங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் வரிசை எண்ணையும் போனில் ஒரே வீடியோவாக எடுங்கள். அபெர்ச்சரை எஃப்16 வைத்து வெள்ளைச் சுவரை இரண்டு இடத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, அங்கேயே துடைத்துத் தரச் சொல்லலாம். ட்ரைபாட் மேல் இருக்கும் பிளேட் இந்தக் கேமராவுக்குப் பொருந்துகிறதா என்று மாட்டிப் பாருங்கள். பிளேட் இல்லாத ட்ரைபாட் வெறும் மூன்று குச்சி. பூம் மைக்கை ரெக்கார்டரில் செருகி, பத்து விநாடி பதிவு செய்து, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மைக்கும் ரெக்கார்டரும் சரியாக இருந்து, நடுவில் இருக்கும் கேபிள் மட்டும் செத்துப் போயிருப்பது வழக்கம்.

7. தோப்பில் இரண்டு நாள்

கருவிகளோடு மூன்று பேர் வெள்ளி இரவே சாளையில் தங்கிவிடட்டும். மற்றவர்கள் சனி அதிகாலை உக்கடத்திலிருந்து முதல் பஸ்களில் பொள்ளாச்சி வந்தால் ஏழு மணிக்குத் தயார். ராத்திரிக் காட்சி எதுவானாலும் சனிக்கிழமை இரவு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பேக்கப், ஆறு மணிக்குமேல் பாதிப் பேருக்குப் பஸ் ஞாபகம்தான் இருக்கும்.

கேமராவில் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத ஷட்டர் வைத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் திரையில் பட்டை பட்டையாக ஓடும். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது, லேப்டாப்பில் போட்ட பிறகுதான் தெரியும். பழைய வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1,150 வாட்தான் தாங்கும். எல்.இ.டி. பிரச்சினையில்லை. யாராவது மலிவாகக் கிடைத்தது என்று 1,000 வாட் ஹாலஜன் இரண்டு கொண்டுவந்து ஒரே பாக்ஸில் செருகினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் கம்பி ஒரு துண்டு பையில் இருக்கட்டும்.

வசனக் காட்சிக்கு முன் ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். ஃபேன் நிற்பது கண்ணுக்குத் தெரியும், ஃபிரிட்ஜ் தெரியாது. அணைத்ததும் மேனேஜரின் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவி தேடிப் போய்த்தான் ஆக வேண்டும், வீட்டுக்காரரின் பாலும் தயிரும் தப்பிக்கும்.

வெளியே உங்கள் எதிரி மயில். இந்தப் பக்கத் தோப்புகளில் விடிகாலையும் சாயங்காலமும் அகவிக்கொண்டே இருக்கும், துரத்தினால் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து இன்னும் சத்தமாக அகவும். அந்த நேரத்தில் நடை, முகம், வாய்க்கால் என்று எடுங்கள். பத்து முதல் மூன்று வரை வசனம். சோமனூர், பல்லடம் பக்கம் எடுப்பவர்களுக்கு மயில் இடத்தில் விசைத்தறி. பல ஊர்களில் ஞாயிறு தறி ஓடாது, விசாரித்து வசனத்தை அன்றைக்கு வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கிளம்புமுன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வசனத்துக்கு நடுவே ஒட்டுப்போட எடிட்டருக்கு அது வேண்டும்.

இன்னொன்று, தோப்பில் ட்ரைபாட் வைக்குமுன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த குலைக்கும் மட்டைக்கும் கீழே கேமராவும் வேண்டாம், பாட்டியும் வேண்டாம்.

8. கார்டும் காப்பியும்

30 ஷாட், ஒவ்வொன்றும் நாலு டேக், சராசரி 45 விநாடி என்றால் மொத்தம் 90 நிமிடம். விநாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, ஆக சுமார் 68 ஜிபி. நாளுக்கு ஒன்று என்று 64 ஜிபி கார்டு இரண்டு இருந்தால் திங்கட்கிழமை வரை எதையும் ஃபார்மேட் செய்யவே தேவையில்லை. ஃபார்மேட் செய்யாத கார்டை யாரும் தவறுதலாக அழிக்க முடியாது. கேமராவின் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகிவிடும், 10 நிமிடக் கல்லூரிப் படத்துக்கு அது வேண்டாம்.

சனி ராத்திரி சாப்பிடுவதற்கு முன் லேப்டாப்பில் ஒரு காப்பி, ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி. ஃபோல்டர் பெயர் இப்படி:

```
D1_CAM
D1_SOUND
D2_CAM
D2_SOUND
```

காப்பி முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கார்டோடு ஒப்பிடுங்கள், பிறகு கடைசிக் கோப்பைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். பாதியில் கேபிள் ஆடி நின்றுபோயிருந்தால் கடைசிக் கோப்பில்தான் தெரியும். ஹார்ட் டிஸ்கும் லேப்டாப்பும் ஊர் திரும்பும்போது ஒரே பையில் வரக்கூடாது.

9. ஞாயிறு இரவும் திங்கள் காலையும்

பேக்கப் சொன்னதும் வெள்ளிக்கிழமை எடுத்த வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு பொருளாகப் பெட்டியில் வையுங்கள். காணாமல் போவது எப்போதும் லென்ஸ் மூடி, ட்ரைபாட் பிளேட், பேட்டரி சார்ஜர் மூன்றில் ஒன்று. சுவரில் ஒட்டிய டேப், ஜன்னல் துணி, திண்ணையில் நகர்த்திய கட்டில் எல்லாவற்றையும் கண்டினியூட்டி படத்தைப் பார்த்துப் பழைய இடத்தில் வைக்கலாம். பாட்டியின் பேட்டாவை உறையில் போட்டு, வண்டியில் ஏற்றிவிடுமுன் கையில் கொடுங்கள். சாளைக்காரரின் 1,000-ஐயும் அப்போதே.

மேனேஜர் பில்களை வரி வரியாக மேலே உள்ள தாளுக்கு எதிரில் எழுதி, படம் எடுத்து அன்றிரவே குழுவில் போட்டுவிட வேண்டும். திங்கட்கிழமைக்குத் தள்ளினால் யாருக்கும் எந்தச் செலவும் நினைவில் இருக்காது. உறையில் மிச்சமிருந்தால் பிரித்துக் கொடுக்காதீர்கள். வசனத்தில் இரண்டு மூன்று வரி டப்பிங் கட்டாயம் தேவைப்படும், ஸ்டுடியோவில் ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பணம் ஆகும். திங்கள் காலை ஒன்பதுக்கு முன் கடை வாசலில் நில்லுங்கள். முன்பணத்தை வாங்கிக்கொண்டு, நீங்கள் கொடுத்த ஆதார் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.